அத்தியாயம் 7: கையேட்டில் கிலோபாஸ்கல், சமையல் குறிப்பில் பி.எஸ்.ஐ

கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை, நிந்தவூர் என்று நமது கரையோர ஊர்களில் பெரும்பாலான குசினிகளில் இரண்டு வகைக் குக்கர்கள் இருக்கின்றன. ஒன்று இந்தியாவில் செய்தது; கடைத்தெருவில் வாங்கியது. மற்றது குவைத்திலோ கத்தாரிலோ சவூதியிலோ வேலை செய்யும் ஒருவர் லீவில் வரும்போது கொண்டுவந்தது. இந்தியக் குக்கரின் அமுக்கம் 15 பி.எஸ்.ஐ, அதாவது சதுர அங்குலத்துக்கு 15 இறாத்தல் என்று அதன் கையேடே சொல்லிவிடும். நமது சமையல் நேரங்களெல்லாம் அந்தப் பதினைந்தை வைத்துப் பழகியவை. வெளிநாட்டுக் குக்கரின் கையேட்டைத் திறந்தால் 80 கிலோபாஸ்கல், 70 கிலோபாஸ்கல் என்று இருக்கும். எண்பது என்றால் பதினைந்தைவிடக் கூடவா, குறைவா? இதைத் தெரிந்துகொள்ளாமல் பழைய நேரத்தை அப்படியே வைத்துச் சமைப்பதால்தான் ஹஜ்ஜுப் பெருநாளில் குர்பான் இறைச்சி வேகாமல் நிற்கிறது.

மாற்றும் கணக்கு ஒரேயொரு வகுத்தல்தான்:

psi = kPa ÷ 6.895

80ஐ 6.895ஆல் வகுத்தால் 11.6 வரும். கணிப்பான் பக்கத்தில் இல்லையென்றால் ஏழால் வகுங்கள்; 11.4 வரும். வித்தியாசம் நூற்றுக்கு ஒன்றரை அளவுதான், சமையலுக்கு அது ஒரு பொருட்டல்ல. மறுபக்கமாகப் போக ஏழால் பெருக்குங்கள்: 15 பி.எஸ்.ஐ ஏறத்தாழ 105 கிலோபாஸ்கல், சரியாகச் சொன்னால் 103.4. ஆகவே 80 கிலோபாஸ்கல் குக்கர் நமது பழைய குக்கரைவிட மெதுவானது. எண் பெரிதாக இருக்கிறது என்பதற்காக அமுக்கம் கூட என்று நினைத்துவிடக் கூடாது.

கணக்கில் நம்பிக்கை வரவில்லையென்றால் வாசலில் நிற்கும் மோட்டார் சைக்கிளைப் பாருங்கள். ஜப்பானியக் கம்பெனிகளின் பைக்குகள் பலவற்றில் பின்சில்லின் பக்கம் ஒட்டியிருக்கும் தாளில் டயர்க் காற்றின் அளவு இரண்டு அலகிலும் அச்சிடப்பட்டிருக்கும். 200 கிலோபாஸ்கலுக்குப் பக்கத்தில் 29 பி.எஸ்.ஐ என்று இருக்கும். அதன் பாதி 100க்கு 14.5. காற்றடிக்கும் கடையில் நாம் சொல்லும் இருபத்தொன்பதும் குக்கரின் பதினைந்தும் ஒரே அலகுதான். இரண்டுமே வெளியிலுள்ள வளிமண்டல அமுக்கத்துக்கு மேலே உள்ள கூடுதலைத்தான் சொல்கின்றன.

எந்த எண்ணை மாற்றுவது

உண்மையான சிக்கல் இங்கேதான் இருக்கிறது. ஒரு கையேட்டில் கிலோபாஸ்கல் எண் ஒன்றுக்கு மேல் இருக்கும். நிந்தவூரில் ஒரு வீட்டை நினைத்துக்கொள்வோம். தங்கை கத்தாரிலிருந்து ஆறு லீற்றர் குக்கர் கொண்டுவந்திருக்கிறாள். அதைக் கவிழ்த்து வைத்து அடித்தட்டைப் பார்க்கிறாள்.

“ராத்தா, இதில 80 எண்டு போட்டிரிக்கி. பக்கத்தில 120 எண்டும் இரிக்கி. எது சரி?”

“ரெண்டும் சரிதான் புள்ள. சமைக்கிறது எண்பதில. மற்றது அது தாங்கிற எல்ல.”

ராத்தா சொன்னது சரி. முதலாவது வேலை அமுக்கம். வெயிட் அல்லது வால்வு ஆவியை விடத் தொடங்கும் அளவு அது. சமையல் நடப்பது அதில். இரண்டாவது பாதுகாப்பு எல்லை. முதல் வால்வு அடைத்துக்கொண்டால்கூட அமுக்கம் அதைத் தாண்டாதபடி இரண்டாவது வால்வு திறக்க வேண்டும் என்பதற்காகக் குறிக்கப்பட்ட அளவு. தவறுதலாக 120ஐ எடுத்து மாற்றினால் 17.4 பி.எஸ்.ஐ வரும். இது பழைய குக்கரைவிட வேகமானது என்று நம்பி நேரத்தைக் குறைப்பீர்கள்; இறைச்சி ரப்பராக இருக்கும். பிரான்ஸ் வழிவந்த சில குக்கர்களில் வேலை அமுக்கத்துக்கு பி.எஃப் என்றும் பாதுகாப்பு எல்லைக்கு பி.எஸ் என்றும் இரண்டெழுத்தில் பொறித்திருப்பார்கள். அந்த பி.எஸ் வேறு, பி.எஸ்.ஐ வேறு. சமையலுக்கு எப்போதும் சிறிய எண்ணையே எடுங்கள்.

மின்சாரக் குக்கர்களில் பெரும்பாலும் சீனாவில் செய்தவையே வருகின்றன. அவற்றில் 70 கிலோபாஸ்கல் வேலை அமுக்கமாகவும் 90 எல்லையாகவும் எழுதியிருப்பதைப் பரவலாகக் காணலாம். 70 என்றால் 10 பி.எஸ்.ஐக்குச் சற்று மேல், அவ்வளவுதான்.

எண்ணை வாசிக்கும்போதே தவறு நேரும் இடங்களும் உண்டு. சீனக் கையேட்டில் 0.08 மெகாபாஸ்கல் என்று இருந்தால் அது 80 கிலோபாஸ்கல்; ஆயிரத்தால் பெருக்க வேண்டும். ஐரோப்பியக் கையேட்டில் 0,8 பார் என்று புள்ளிக்குப் பதிலாகக் காற்புள்ளி இருக்கும். அதுவும் 80 கிலோபாஸ்கல்தான். வளைகுடாவில் வாங்கிய குக்கருக்கு அரபுக் கையேடு மட்டும் கிடைத்தால் ஓதப் படித்தவர்கள் எழுத்துக்கூட்டிக் கிலோபாஸ்கல் என்ற சொல்லைக் கண்டுபிடித்துவிடுவார்கள். எண்ணில்தான் கவனம் வேண்டும். அரபு எண்களில் ஐந்து ஒரு சிறு வட்டம், பூச்சியம் ஒரு புள்ளி. 50 என்பது வட்டமும் புள்ளியுமாக நிற்கும். நமது கண் அதைப் பூச்சியமும் தசமப் புள்ளியுமாக வாசித்துவிடும். முஸ்ஹபில் ஆயத்து இலக்கம் பார்த்துப் பழகியவர்கள் கையில் கொடுத்துவிடுவது நல்லது.

அபூர்வமாகச் சில தாள்களில் 180 என்பது போன்ற பெரிய எண், முழு அமுக்கம் என்ற குறிப்போடு வரும். அது வெளிக்காற்றின் அமுக்கத்தையும் சேர்த்துச் சொல்வது. கடல்மட்டத்தில் வெளிக்காற்று 101 கிலோபாஸ்கல். அதைக் கழித்தால் 79. கழித்த பிறகுதான் பி.எஸ்.ஐக்கு மாற்ற வேண்டும்.

இந்தியக் குக்கரைப் பற்றியும் ஒரு சொல். அதில் ஒரு சதுர சென்ரிமீற்றருக்கு 1 கிலோ என்றும் 15 பி.எஸ்.ஐ என்றும் சேர்த்து எழுதியிருப்பார்கள். கணக்குப் பார்த்தால் அந்த 1 கிலோ 98 கிலோபாஸ்கல், 14.2 பி.எஸ்.ஐ. இரண்டும் துல்லியமாக ஒன்றல்ல. சுற்றி எழுதிய எண்கள் அவை. அச்சுப் பிழை அல்ல. சமையலில் இந்த வேறுபாடு தெரியாது.

மாற்றிய எண்ணை வைத்து என்ன செய்வது

11.6 என்று கண்டுபிடித்துவிட்டோம். அதனால் என்ன? பி.எஸ்.ஐ நேரடியாக இறைச்சியை அவிப்பதில்லை, வெப்பநிலைதான் அவிக்கிறது. அமுக்கம் கூடக்கூடத் தண்ணீர் கொதிக்கும் வெப்பநிலை ஏறுகிறது. நமது கரையில் மூடாத சட்டியில் தண்ணீர் 100 பாகை செல்சியஸில் கொதிக்கும். 15 பி.எஸ்.ஐயில் அது 121 பாகை. 80 கிலோபாஸ்கலில் 117. மின்சாரக் குக்கரின் 70 கிலோபாஸ்கலில் 115. சில ஐரோப்பியக் குக்கர்களில் மீனுக்கும் மரக்கறிக்கும் என்று கொடுத்திருக்கும் தாழ்ந்த நிலை 50ஐ ஒட்டியிருந்தால் அதில் 112 அளவு.

நான்கு பாகைதானே என்று தோன்றும். ஆனால் அவிதல் வெப்பநிலைக்கு மிகக் கூர்மையாக இசைவது. பத்துப் பாகை குறைந்தால் நேரம் ஏறத்தாழ இரட்டிக்கும் என்பது குசினிக்குப் போதுமான ஒரு மட்டக் கணக்கு. அதன்படி நான்கு பாகை குறைந்தால் நேரம் மூன்றில் ஒரு பங்கு கூடும். ஆறு பாகை குறைந்தால் ஏறத்தாழ அரைவாசி கூடும்.

நிந்தவூர் வீட்டுக்கே திரும்புவோம். பழைய 15 பி.எஸ்.ஐ குக்கரில் அந்த வீட்டு உம்மா எலும்போடு சேர்ந்த மாட்டிறைச்சியை, வெயிட் எழும்பி நெருப்பைக் குறைத்த பிறகு 25 நிமிடம் வைப்பார். புதிய குக்கர் 80 கிலோபாஸ்கல். 25இன் மூன்றில் ஒன்று எட்டு. ஆகவே 33 நிமிடத்தில் தொடங்க வேண்டும். மின்சாரக் குக்கராக இருந்தால் 25உம் பன்னிரண்டரையும், 37 அல்லது 38. இந்த நேரம் அமுக்கம் முழுதாக ஏறிய பிறகு எண்ணத் தொடங்குவது. அடுப்பில் வைத்த கணத்திலிருந்து எண்ணினால் குக்கர் எவ்வளவு நிறைந்திருக்கிறது, நெருப்பு எவ்வளவு என்பவற்றுக்கேற்ப விடை மாறிக்கொண்டே போகும். நேரம் முடிந்ததும் அடுப்பை அணைத்து, ஆவி தானாக அடங்கவிட்டுத் திறந்து பார்க்க வேண்டும். ஒரு துண்டை எடுத்துக் கரண்டியால் அழுத்தினால் நார் பிரிய வேண்டும். பிரியாவிட்டால் மறுபடி மூடி ஐந்து நிமிடம். மாட்டின் வயது நம் கணக்கில் இல்லை. குர்பான் மாடு கிழடாக இருந்தால் எந்த எண்ணும் தனியே போதாது. ஆனால் 33இல் தொடங்குபவர் ஒரு தடவை கூடத் திறப்பார். 25இல் தொடங்குபவர் குக்கரைக் குறை சொல்வார்.

தமிழ்நாட்டுச் சமையல் குறிப்புகளில் நிமிடம் இருக்காது. ஆறு விசில், எட்டு விசில் என்று இருக்கும். விசிலைக் கிலோபாஸ்கலுக்கோ பி.எஸ்.ஐக்கோ மாற்ற முடியாது. ஒரு விசிலுக்கும் அடுத்ததற்கும் இடையிலுள்ள நேரம் நெருப்பைப் பொறுத்தது. அதுமட்டுமல்ல, வளைகுடாவிலிருந்து வரும் குக்கர்கள் பல விசில் அடிப்பதே இல்லை. அமுக்கம் ஏறியதும் வால்வு மெல்லச் சீறிக்கொண்டிருக்கும். சிலவற்றில் ஒரு சிறு ஊசி மேலெழுந்து நிற்கும், அவ்வளவுதான். விசில் வரவில்லையே என்று நெருப்பைக் கூட்டினால் தண்ணீர் வற்றி அடிப்பிடிக்கும். ஆகவே பழைய குக்கரில் அந்த ஆறு விசிலுக்கு எத்தனை நிமிடம் போகிறது என்று ஒரு நாள் மணிக்கூட்டைப் பார்த்து எழுதி வையுங்கள். அந்த நிமிடத்தைத்தான் மேலே சொன்ன கணக்கில் போட வேண்டும்.

நாம் கடல்மட்டத்தில் இருப்பதால் உயரத்துக்கென்று எதையும் திருத்த வேண்டியதில்லை. நுவரெலியாவில் வேலை பார்க்கும் மகளுக்கு இந்த நேரங்களை எழுதி அனுப்பினால் மட்டும் ஒரு குறிப்புச் சேருங்கள். அங்கே வெளிக்காற்றின் அமுக்கமே 80 கிலோபாஸ்கல் அளவுக்குக் குறைந்திருக்கிறது. மூடாத சட்டித் தண்ணீர் 94 பாகை அளவில் கொதிக்கிறது. இதே 80 கிலோபாஸ்கல் குக்கர் அங்கே 117க்குப் போகாது. 113, 114இல் நின்றுவிடும். நமது 33 நிமிடம் அங்கே 40ஐத் தாண்டும்.

வெயிட்டை மாற்றாதீர்கள்

எண்ணை மாற்றியதும் சிலருக்கு அடுத்த யோசனை வருகிறது. புதிய குக்கர் 11.6தானே, பழைய இந்தியக் குக்கரின் வெயிட்டைத் தூக்கி இதில் போட்டால் 15 ஆகிவிடாதா என்று. வெயிட் தொலைந்தபோதும் இதே காரியம் நடக்கிறது. கடையில் கைக்கு வந்த ஒன்றை வாங்கிப் பொருத்திவிடுகிறார்கள். இது ஏன் ஆபத்து என்பதைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்க வேண்டும்.

வெயிட்டில் எந்த அமுக்கமும் அடங்கியிருப்பதில்லை. ஆவி வரும் துளையின் மேல் ஒரு பாரம் உட்கார்ந்திருக்கிறது. ஆவி அந்தத் துளையின் பரப்பில் தள்ளுகிறது. தள்ளும் விசை பாரத்தை மிஞ்சும்போது வெயிட் எழும்புகிறது. 1679இல் டெனி பாப்பன் எலும்பை மென்மையாக்கும் தனது மூடிய பாத்திரத்தை வெளியிட்டபோதும் நெம்புகோலில் தொங்கவிட்ட பாரம்தான் இந்த வேலையைச் செய்தது. பாரத்தைக் கிராமில் இப்படிக் கணக்கிடலாம்:

g = kPa × mm² ÷ 9.81

துளையின் விட்டம் 4 மில்லிமீற்றர் என்றால் பரப்பு 12.57 சதுர மில்லிமீற்றர். 100 கிலோபாஸ்கலுக்கு வேண்டிய பாரம் 128 கிராம். 80 கிலோபாஸ்கலுக்கு 102 கிராம். இப்போது துளை 3 மில்லிமீற்றராக உள்ள வேறொரு குக்கரை எடுங்கள். அதன் பரப்பு 7.07. அதே 128 கிராம் வெயிட்டை அதில் வைத்தால் எழும்புவதற்கு 178 கிலோபாஸ்கல் தேவைப்படும். அது 25.8 பி.எஸ்.ஐ. பாதுகாப்பு எல்லை 120 என்று பொறித்த குக்கர் அது. ஒரு மில்லிமீற்றர் வித்தியாசம் இதைச் செய்கிறது. வெளியே பார்த்தால் இரண்டு வெயிட்டும் ஒரே மாதிரித்தான் இருக்கும், இரண்டும் துளைக்குழாயில் வசதியாக உட்காரும். அந்த நிலையில் குடும்பத்துக்கும் விபத்துக்கும் நடுவே நிற்பது இரண்டாவது வால்வு ஒன்றுதான். அது பருப்பு நுரை காய்ந்து அடைத்திருந்தால் அதுவும் இல்லை.

இந்தக் கணக்கை வைத்துத் தராசில் நிறுத்து ஒரு வெயிட்டைத் தெரிவு செய்துவிடலாம் என்றும் எண்ண வேண்டாம். 4 மில்லிமீற்றர் துளையை அடிமட்டத்தால் அளக்கும்போது அரை மில்லிமீற்றர் பிழை விட்டால் பரப்பில் கால்வாசி தவறிவிடும். அதே கால்வாசி அமுக்கத்திலும் தவறும். கணக்கு காரணத்தைக் காட்டுவதற்கு. பொருத்த வேண்டியது அந்தக் குக்கரின் மாதிரி இலக்கத்துக்கென்று அதே கம்பெனி செய்த வெயிட் மட்டுமே. அது கிடைக்காவிட்டால் குக்கரைச் சாதாரண பானையாகப் பாவியுங்கள்.

எண் சரி, குக்கர் சரியா?

மாற்றிய 11.6 உண்மையாகக் கிடைப்பது வாஷர் இறுக்கமாக இருந்தால்தான். மூடியின் ஓரத்தால் ஆவி கசிந்தாலும், ஊசி எழும்பாமல் தடுமாறினாலும், திறந்து பார்க்கும்போது தண்ணீர் எதிர்பார்த்ததைவிட வற்றியிருந்தாலும் உள்ளே 80 கிலோபாஸ்கல் இல்லை. வாஷரை வெளியே எடுத்து விரலால் மடித்துப் பாருங்கள். மடிப்பில் வெடிப்புத் தெரிந்தாலோ பழைய வடிவுக்குத் திரும்ப மறுத்தாலோ அதை மாற்ற வேண்டும். அதுவரை நேரக் கணக்கெல்லாம் வீண்.

நோன்புக் கஞ்சிக்கு இந்தக் குக்கரைப் பாவிப்பவர்கள் பாதிக்கு மேல் நிரப்பக் கூடாது. அரிசியும் பருப்பும் நுரைத்து எழும்பித் துளைக்குள் போகும். இறைச்சிக்கு மூன்றில் இரண்டு பங்கு வரை போகலாம். ஒவ்வொரு முறையும் மூடுவதற்கு முன் துளைக்குழாயை வெளிச்சத்துக்குப் பிடித்து மறுபக்கம் தெரிகிறதா என்று பாருங்கள்.

கடற்கரை ஊர் என்பதால் இன்னொன்றும் சொல்ல வேண்டியிருக்கிறது. மீன் மலிவான நாளில் போத்தலில் அடைத்து மாதக்கணக்கில் வைக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. அமெரிக்க விவசாயத் திணைக்களத்தின் முறையில் அரை லீற்றருக்குச் சற்றுக் குறைந்த போத்தல் மீனுக்கு, மானியுள்ள பாத்திரத்தில் 11 பி.எஸ்.ஐயில் 100 நிமிடம் என்று இருக்கிறது. நமது 80 கிலோபாஸ்கல் 11.6தானே, போதுமே என்று கணக்குச் சொல்லும். போதாது. அந்த நேரம் பெரிய அடைப்புப் பாத்திரம் மெதுவாகச் சூடேறி மெதுவாக ஆறும் நேரத்தையும் சேர்த்துச் சோதித்தது. சிறிய குக்கர் விரைவாக ஏறி விரைவாக ஆறிவிடும். போட்டுலிசம் நஞ்சை உண்டாக்கும் கிருமியின் வித்துகள் அதில் பிழைத்திருக்கலாம்; போத்தலின் வாசனையிலோ நிறத்திலோ எதுவும் தெரியாது. மீனைக் குக்கரில் சமைத்து அன்றைக்கே சாப்பிடுங்கள். சேமிப்பதற்குக் கருவாடும் ஐஸும் இருக்கின்றன.

கணக்கு முடிந்ததும் விடையைக் கையேட்டின் முதல் பக்கத்தில் தமிழில் எழுதி வையுங்கள்: 80 கிலோபாஸ்கல், 11.6 பி.எஸ்.ஐ, பழைய குக்கரின் நேரத்தில் மூன்றில் ஒரு பங்கு கூட. நாளைக்கு மருமகளோ மகனோ அடுப்படியில் நிற்கும்போது யாரையும் கேட்கத் தேவையில்லாமல் இருக்கும்.

வெளிநாட்டிலிருந்து குக்கர் வாங்கி வருபவர்களிடம் ஒரு வேண்டுகோள். காசு கொடுக்கும் முன் அடித்தட்டைப் படம் எடுத்து வீட்டுக்கு அனுப்புங்கள். வேலை அமுக்கம் பொறிக்கப்படாத குக்கரை வாங்க வேண்டாம். வாங்கினால் அந்த மாதிரிக்கே உரிய வாஷர் இரண்டும் வெயிட் ஒன்றும் கூடவே எடுத்து வாருங்கள், கல்முனைக் கடையில் அவற்றைத் தேடி அலையாதபடி.